படிப்புக் கூட, சம்பளம் குறைவு: ஊதிய இடைவெளியை இரண்டாகப் பிரிக்கும் கணக்கு

யாழ்ப்பாண நகரத்தில் கடையோ தனியார் அலுவலகமோ நடத்துகிற ஒருவரிடம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏன் ஒரே சம்பளம் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "பிள்ளையளுக்கு அனுபவம் காணாது, பெடியள் கனகாலம் நிண்டு செய்வாங்கள்" என்பது ஒன்று. "சம்பளம் ஆளைப் பார்த்து இல்லை, செய்யிற வேலையைப் பார்த்துத்தான்" என்பது மற்றது. கோபப்படுவதற்கு முன் இரண்டையும் கொஞ்சம் மரியாதையோடு எடுத்துப் பார்க்கலாம். இரண்டுமே எண்களை வைத்துச் சோதிக்கக்கூடிய கூற்றுகள்தான்.

அந்தச் சோதனைக்கு ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர்களான ரொனால்ட் வஹாக்காவும் அலன் பிளைண்டரும் 1973 இல் தனித்தனியாக அதை வெளியிட்டார்கள். இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து வஹாக்கா–பிளைண்டர் பிரிப்பு என்று சொல்வது வழக்கம். இதன் வேர் இன்னும் பழையது. இரண்டு ஊர்களின் இறப்பு வீதம் போன்றவற்றுக்கிடையிலான வித்தியாசத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கும் வழியை 1955 இலேயே குடித்தொகை ஆய்வாளர் எவலின் கிட்டகாவா எழுதிவிட்டார். பொருளியல் பாடங்களில் அவர் பெயர் அவ்வளவாக வருவதில்லை.

கேள்வி எளிமையானது. ஆண்களின் சராசரிச் சம்பளத்துக்கும் பெண்களின் சராசரிச் சம்பளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் எவ்வளவு, இரு தரப்பின் படிப்பும் அனுபவமும் வேறுபடுவதால் வருகிறது? எவ்வளவு, ஒரே படிப்புக்கும் ஒரே அனுபவத்துக்கும் வேறு வேறு விலை கொடுக்கப்படுவதால் வருகிறது? முதலாவதை விளக்கப்பட்ட பகுதி என்றும் இரண்டாவதை விளக்கப்படாத பகுதி என்றும் சொல்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

யாழ். நகரத்துத் தனியார் துறையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களின் தரவு கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புடவைக்கடை, நகைக்கடை, நிதி நிறுவனக் கிளை, தனியார் வைத்தியசாலை, கணக்காளர் அலுவலகம் என்று எல்லாம் கலந்தது. கீழே வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த அளவீட்டின் முடிவும் அல்ல. எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மணிநேரம் வேலை செய்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையான தரவில் அப்படி இராது. அங்கே மாதச் சம்பளத்தை வேலை செய்த மணிநேரத்தால் வகுத்து, மணித்தியாலச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குத் தொடங்க வேண்டும்.

சம்பளத்தை அப்படியே எடுக்காமல் அதன் இயற்கை மடக்கையை எடுக்கிறோம். சம்பளப் பட்டியலில் எப்போதும் பலர் கீழே குவிந்திருப்பார்கள், சிலர் மட்டும் மிக மேலே இருப்பார்கள். மடக்கை அந்த நீண்ட வாலைச் சுருக்கிவிடும். அதோடு, மடக்கையில் வருகிற குணகத்தைக் கிட்டத்தட்ட வீதமாகவே வாசிக்கலாம். படிப்புக்கான குணகம் 0.06 என்றால், ஒரு வருடம் கூடப் படித்தவருக்குச் சம்பளம் ஏறக்குறைய 6 வீதம் கூட என்று அர்த்தம்.

இனி ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு பிற்செலவுச் சமன்பாடுகளைத் தனித்தனியே மதிப்பிடுகிறோம். தரவுக்கு மிக நெருக்கமாகப் பொருந்துகிற கோட்டைக் கண்டுபிடிக்கும் கணக்கு அது, பல்கலைக்கழகத்தில் ரிக்ரெஷன் என்று பேசிக்கொள்வது இதைத்தான். `w` என்பது சம்பளம், `ln` அதன் இயற்கை மடக்கை. `S` என்பது பள்ளியிலும் அதற்கு மேலும் படித்த வருடங்கள், `X` என்பது வேலை அனுபவ வருடங்கள்.

```
ஆண்:   ln(w) = 9.60 + 0.06*S + 0.015*X
பெண்:  ln(w) = 9.10 + 0.08*S + 0.010*X
```

ஆண்களின் சராசரிப் படிப்பு 11 வருடம், சராசரி அனுபவம் 14 வருடம். பெண்களுக்குப் படிப்பு 12.5 வருடம், அனுபவம் 10 வருடம். இந்தச் சாய்வை நான் வேண்டுமென்றே வைத்தேன். சாதாரண தரத்தோடு வேலைக்கு வந்த பெடியன்களும், உயர்தரம் முடித்துக் கணக்கியல் டிப்ளோமாவும் வைத்திருக்கிற பிள்ளைகளும் ஒரே கடையில் நிற்பது யாழ்ப்பாணத்தில் யாரும் பார்க்கிற காட்சி.

பிற்செலவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சராசரிகளைச் சமன்பாட்டில் போட்டால், வெளியே வருவது சரியாகச் சராசரி மடக்கைச் சம்பளம். உண்மையான எண்ணுக்கும் சமன்பாடு சொல்வதற்கும் உள்ள வித்தியாசங்களான எச்சங்களின் சராசரி சுழியம் என்பதால் எதுவும் சிந்தாது. ஆண்களுக்கு 9.60 + 0.66 + 0.21, ஆக 10.47. பெண்களுக்கு 9.10 + 1.00 + 0.10, ஆக 10.20. இடைவெளி 0.27.

ரூபாயில் சொன்னால் 10.47 என்பது சுமார் 35,200, 10.20 என்பது சுமார் 26,900. ஆண் 100 ரூபாய் எடுக்கும் இடத்தில் பெண் 76 ரூபாய் எடுக்கிறார். இது மடக்கையின் வழியாக வந்த பெருக்கல் சராசரி, எல்லோரின் சம்பளத்தையும் கூட்டித் தலைக்கு வகுத்தால் வருகிற சராசரி அல்ல. பத்திரிகையில் வருகிற எண்ணோடு இது பொருந்தவில்லையே என்று குழம்புகிறவர்கள் பலர். காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரி, இப்போது பிரிப்பு. மேலே எழுதிய இரண்டு சராசரிகளையும் கழிக்கும்போது, நடுவில் ஒரு கற்பனை எண்ணைக் கூட்டி உடனே கழித்துவிடுகிறோம். பெண்களின் படிப்பும் அனுபவமும் அப்படியே இருக்க, ஆண்களுக்கான சம்பள விதியின்படி அவர்களுக்குக் கொடுத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்பதுதான் அந்த எண். முழுச் சூட்சுமமும் இந்த ஓர் அடிக்குள் இருக்கிறது.

```
இடைவெளி = b_m*(X_m - X_f) + (b_m - b_f)*X_f
```

இங்கே `X` என்பது அனுபவம் மட்டும் அல்ல, படிப்பு, அனுபவம் எல்லாவற்றின் சராசரிகளும் சேர்ந்தது. `b` குணகங்கள், அதாவது அவற்றுக்குக் கிடைக்கும் விலை. `m` ஆண், `f` பெண். வலப்பக்கத்தின் முதல் உறுப்பு விளக்கப்பட்ட பகுதி: ஆண் விலையில் வைத்துப் பார்த்த தகுதி வித்தியாசம். இரண்டாவது விளக்கப்படாத பகுதி: பெண்களின் தகுதியில் வைத்துப் பார்த்த விலை வித்தியாசம். வெட்டுத்துண்டுகளின், அதாவது சமன்பாடுகளின் தொடக்க எண்களான 9.60, 9.10 இரண்டின் வித்தியாசமும் இந்த இரண்டாவதுக்குள்தான் அடங்கும்.

படிப்பால் வருவது 0.06 × (11 − 12.5), அதாவது −0.09. அனுபவத்தால் வருவது 0.015 × (14 − 10), அதாவது 0.06. இரண்டையும் கூட்டினால் விளக்கப்பட்ட பகுதி −0.03. மொத்த இடைவெளி 0.27 என்பதால் விளக்கப்படாதது 0.30.

இந்த இடத்தில் பலர் எங்கோ பிழைத்துவிட்டது என்று நினைத்துக் கணக்கைத் திரும்பப் போடுவார்கள். முழு இடைவெளியே 0.27 என்றால் அதன் ஒரு பகுதி எப்படி 0.30 ஆகும், நூற்றுக்கு 111 வீதமா என்று கேட்பார்கள். பிழை இல்லை. தகுதியை மட்டும் பார்த்திருந்தால் பெண்கள்தான் கொஞ்சம் கூட எடுத்திருக்க வேண்டும் என்று மறைக்குறி சொல்கிறது. அந்தக் கற்பனை எண்ணைப் பார்த்தாலே தெளிவாகும்: 9.60 + 0.75 + 0.15, ஆக 10.50, ரூபாயில் சுமார் 36,300. ஆண்கள் எடுப்பது 35,200. பெண்கள் எடுப்பது 26,900.

முதல் பதிலுக்கு, அதாவது அனுபவம் காணாது என்பதற்கு, இதில் பாதி நியாயம் கிடைக்கிறது. அனுபவ வித்தியாசம் உண்மையிலேயே 0.06 அளவுக்கு இடைவெளியைக் கூட்டுகிறது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்பவர் படிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. படிப்பு அதைவிடக் கூடுதலாகத் திருப்பி இழுக்கிறது.

எண்கள் என்னுடையவை என்றாலும், இந்த வடிவம் இலங்கைக்கு அந்நியமானது அல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் டிலேனி குணவர்தனவும் உடன் ஆய்வாளர்களும் 1996 முதல் 2004 வரையான தொழிற்படை அளவீட்டுத் தரவை வைத்துச் செய்த ஆய்விலும், தகுதி வித்தியாசத்தால் இடைவெளியை விளக்க முடியவில்லை. சம்பளம் குறைந்த பக்கத்தில் இடைவெளி அகலம் என்பதும் அதில் தெரிந்தது. நம் உதாரணத்திலும் அதன் சாயல் உண்டு. பத்து வருட அனுபவத்தோடு சாதாரண தரம் வரை, அதாவது 11 வருடம் படித்த பெண், அதே நிலையில் உள்ள ஆணின் சம்பளத்தில் 72 வீதம் எடுக்கிறார். பட்டம் வரை 16 வருடம் படித்தவரோ 79 வீதம் எடுக்கிறார். பெண்களின் படிப்புக் குணகம் 0.08 என்று உயர்ந்திருப்பதை, பெண்ணின் படிப்பை நிறுவனங்கள் கூட மதிக்கின்றன என்று வாசித்துவிடக் கூடாது. அடியில் மிகக் கீழே தொடங்குவதால்தான் கோடு செங்குத்தாக ஏறுகிறது.

யாருடைய விலையில் அளப்பது?

மேலே ஆண் குணகங்களை நியாய விலையாக எடுத்தோம். அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று கணக்கு எங்கும் சொல்லவில்லை. பெண் குணகங்களை எடுத்தால் விளக்கப்பட்ட பகுதி 0.08 × (−1.5) + 0.010 × 4, அதாவது −0.08. விளக்கப்படாதது 0.35 ஆகிவிடும். தரவு அதேதான், இடைவெளியும் அதேதான், விடை மட்டும் வேறு.

இது வெறும் தொழில்நுட்பத் தெரிவு அல்ல, பாகுபாடு இல்லாத சந்தை எப்படி இருக்கும் என்ற ஒரு கற்பனையும் இதற்குள் இருக்கிறது. ஆண் விலையை எடுப்பவர், ஆண்களுக்கு இப்போது கிடைப்பது நியாயமான சம்பளம், பெண்களுக்கு மட்டும் வெட்டப்படுகிறது என்று நினைக்கிறார். பெண் விலையை எடுப்பவர், பெண்களுக்குக் கிடைப்பதே சந்தை விலை, ஆண்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படுகிறது என்று நினைக்கிறார். உண்மை நடுவில் எங்கோ இருக்கலாம் என்று இரண்டையும் சேர்த்துச் சராசரி விலை எடுக்கிறவர்களும் உண்டு.

அந்த நடுவழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆண், பெண் தரவைக் கலந்து ஒரே பிற்செலவாகப் போட்டு, வருகிற குணகங்களை நியாய விலையாக எடுப்பது ஒரு முறை. அந்தக் கலவைச் சமன்பாட்டில் பால் என்ற மாறியைச் சேர்க்காவிட்டால், பால் வித்தியாசத்தின் ஒரு பகுதி பக்கத்தில் இருக்கிற மாறிகளுக்குள் ஊறிவிடும். நம் தரவில் அனுபவம் கூடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆண் என்பதால் கிடைத்த கூடுதலை அனுபவத்தால் கிடைத்தது என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். விளக்கப்பட்ட பகுதி காரணமில்லாமல் வீங்கும். பால் மாறியைச் சேர்த்தால் இது நிற்கும்.

ஸ்டேட்டா மென்பொருளில் பென் ஜான் எழுதிய `oaxaca` கட்டளையை இங்கே பலரும் பயன்படுத்துகிறார்கள். இந்தத் தெரிவு முழுவதும் அதில் கடைசிச் சொல் ஒன்றில் இருக்கிறது.

```
oaxaca lnw school exper, by(female) weight(1)
oaxaca lnw school exper, by(female) weight(0)
oaxaca lnw school exper, by(female) pooled
```

`female` ஆண்களுக்கு 0, பெண்களுக்கு 1 என்று இருந்தால், `weight(1)` ஆண் விலை, `weight(0)` பெண் விலை. `pooled` என்பது பால் மாறியோடு சேர்ந்த கலவை. `omega` என்று போட்டால் பால் மாறி இல்லாத கலவை வரும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் `omega` வைப் போட்டுவிட்டு, இடைவெளியின் பெரும்பகுதி விளக்கப்பட்டுவிட்டது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு விஷயம்: தெரிவு எதுவும் எழுதாமல் விட்டால் கட்டளை இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரித்துத் தரும். மூன்றாவது, தகுதியும் விலையும் ஒரே நேரத்தில் வேறுபடுவதால் வருகிற துண்டு. நம் எண்களில் அது 0.05. இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில்தான் 0.30 க்கும் 0.35 க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

என் அபிப்பிராயத்தில் ஆண் விலை, பெண் விலை இரண்டின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவதுதான் நேர்மையானது. இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் வாசகர் நம்புவார். வேறு வேறு கதை சொன்னால், அதுவே தெரிய வேண்டிய செய்தி.

விளக்கப்படாததை மேலும் பிரிக்கப் போனால்

விளக்கப்பட்ட பகுதியைப் படிப்பு இவ்வளவு, அனுபவம் இவ்வளவு என்று பிரித்தோம். அதில் சிக்கல் இல்லை. அதேபோல விளக்கப்படாத 0.30 ஐயும் பிரிக்கலாமே என்று கை தானாகப் போகும். பிரித்தால் இப்படி வரும்: வெட்டுத்துண்டு வித்தியாசம் 0.50, படிப்பின் விலை வித்தியாசம் (0.06 − 0.08) × 12.5, அதாவது −0.25, அனுபவத்தின் விலை வித்தியாசம் (0.015 − 0.010) × 10, அதாவது 0.05. கூட்டினால் 0.30. படிப்பின் விலையில் பெண்களுக்குச் சாதகம், ஆனால் படிப்புக்கும் அனுபவத்துக்கும் அப்பால் பெரிய பாதகம் என்று ஒரு பந்தி எழுதத் தோன்றும்.

எழுத வேண்டாம். படிப்பை முதலாம் வகுப்பிலிருந்து எண்ணாமல், சாதாரண தரத்துக்கு மேல் எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். 11 ஐக் கழித்துவிட வேண்டியதுதான். தரவில் எதுவும் மாறவில்லை, அளவுகோலின் சுழியத்தை மட்டும் நகர்த்தினோம். ஆண்களின் சராசரி 0, பெண்களுடையது 1.5. வெட்டுத்துண்டுகள் இப்போது 10.26, 9.98, வித்தியாசம் 0.28. படிப்பின் விலை வித்தியாசம் −0.02 × 1.5, அதாவது −0.03. அனுபவம் பழையபடி 0.05. மொத்தம் திரும்பவும் 0.30.

மொத்தம் அசையவில்லை. ஆனால் படிப்பின் பங்கு −0.25 இலிருந்து −0.03 ஆகிவிட்டது. எது உண்மை? இரண்டும் இல்லை. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிற ஓர் எண்ணைச் சந்தையைப் பற்றிய செய்தியாக வாசிக்க முடியாது. மொத்த விளக்கப்படாத பகுதிக்கும், விளக்கப்பட்ட பகுதியின் ஒவ்வொரு துண்டுக்கும் இந்த நோய் இல்லை. விளக்கப்படாத பகுதியின் உள்துண்டுகளுக்கு மட்டுந்தான் உண்டு.

சாதாரண தரம், உயர்தரம், பட்டம் என்று வகுப்புகளாகக் கொடுக்கும்போதும் இதே கதைதான். எந்த வகுப்பை அடிப்படையாக விட்டுவைக்கிறோம் என்பதைப் பொறுத்து வெட்டுத்துண்டுக்கும் படிப்புக்கும் இடையே பங்கு மாறிப் போகும். வஹாக்காவே பொருளியலாளர் மைக்கல் ரான்சமோடு சேர்ந்து 1999 இல் இதை எழுதிக் காட்டினார். எல்லா வகுப்புகளின் குணகங்களும் சேர்ந்து சுழியமாகும்படி மாற்றி எழுதும் வழி ஒன்று பின்னர் வந்தது, `oaxaca` கட்டளையிலும் அது இருக்கிறது. அடிப்படை வகுப்பைப் பொறுத்து விடை ஆடுவதை அது நிறுத்தும். ஆனால் அந்த விதியும் நாமாக வைத்த ஒரு தெரிவுதான்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை சுலபம். ஒரு மாறியின் சுழியத்தை நகர்த்தியோ, அடிப்படை வகுப்பை மாற்றியோ இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். எந்த எண் அசைகிறதோ அதைப் பற்றி வாக்கியம் எழுதாமல் விட்டுவிடுங்கள்.

"வேலையைப் பார்த்துத்தான் சம்பளம்"

இனி இரண்டாவது பதில். செய்கிற வேலையைச் சமன்பாட்டில் சேர்த்தால் என்ன ஆகும்? விளக்கப்படாத பகுதி சுருங்கும், சில நேரம் மிக நன்றாகச் சுருங்கும். அது முதலாளியின் வாதத்தை நிரூபிக்கிறதா என்பதுதான் கேள்வி.

நகரத்தை விட்டு வலிகாமத்துத் தோட்டங்களுக்குப் போனால் இது கண்ணால் பார்க்கிற மாதிரித் தெரியும். வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டியால் கொத்துவது, மருந்து அடிப்பது, இறைப்பு ஆண்களின் வேலை. வெங்காயம் நடுவது, புல்லுப் பிடுங்குவது, அறுவடையில் கிண்டி எடுத்துப் பிடி கட்டுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆண் கூலி, பெண் கூலி என்று பேச்சிலேயே இரண்டு விலை உண்டு. இந்தக் கூலியை வைத்துப் பிற்செலவு போட்டு, எந்த வேலை என்ற மாறியையும் சேர்த்தால், இடைவெளி ஏறக்குறைய முழுவதும் விளக்கப்பட்டதாகக் காட்டும். கொத்துகிற வேலையில் ஆண்கள், நடுகிற வேலையில் பெண்கள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை. ஒரே வேலைக்குள் ஒப்பிட இரு பாலாரும் இல்லாததால் விளக்கப்படாததாக மிஞ்சுவதற்கு இடமே இருக்காது.

ஆனால் நாள் முழுக்கக் குனிந்து நடுவதற்கு ஏன் கொத்துவதை விடக் குறைந்த விலை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கணக்கு அதைத் தீர்க்கவில்லை, தகுதி என்ற பெட்டிக்குள் தூக்கிப் போட்டு மூடிவிட்டது. கடையிலும் இதுதான். ஆண் காசாளராகவும் மேற்பார்வையாளராகவும் உயர்கிறார், பெண் விற்பனையாளராகவே நிற்கிறார். பதவியைச் சேர்த்து இடைவெளியை விளக்கிவிடலாம். பதவி உயர்வில்தான் பாகுபாடு நடந்தது என்றால், பாகுபாட்டையே தகுதியாகக் கணக்கில் எழுதியதாக முடியும்.

அதனால் வேலையைச் சேர்க்கவே கூடாது என்பதும் சரியல்ல. கொத்துவதற்கு உடல் வலு கூடத் தேவை, அதற்குக் கூடுதல் கூலி நியாயம் என்று ஒருவர் வாதிடலாம். அது பேச வேண்டிய வாதம். செய்யக்கூடியது, சேர்த்து ஒரு தடவையும் சேர்க்காமல் ஒரு தடவையும் ஓட்டிப் பார்ப்பது. சேர்க்காதபோது 0.30 ஆக இருந்த விளக்கப்படாத பகுதி சேர்த்தபின் 0.12 ஆனால், மிச்ச 0.18 யார் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்ற வாசலில் நடக்கிறது, 0.12 ஒரே வேலைக்குள் நடக்கிறது என்று சொல்ல முடியும். முதலாளியின் பதில் அந்த 0.18 க்கு ஒரு பெயர் வைக்கிறது, அவ்வளவுதான்.

தரவில் இல்லாதது

விளக்கப்படாத பகுதியைப் பாகுபாடு என்று நேரே மொழிபெயர்க்கும் அறிக்கைகள் நிறைய. அந்தப் பகுதிக்குள் பாகுபாடு இருக்கலாம். நாம் அளக்காமல் விட்ட எல்லாமும் கூட அதற்குள்தான் போய் விழும்.

அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடம் உண்மையில் வேலை செய்தீர்கள் என்று பல அளவீடுகள் கேட்பதில்லை. அப்போது ஆய்வாளர் வயதிலிருந்து படித்த வருடங்களையும், பள்ளிக்குப் போகத் தொடங்கிய வயதான ஐந்தையோ ஆறையோ கழித்து, மிச்சத்தை அனுபவம் என்று எழுதிவிடுவார். பிள்ளை பிறந்து ஐந்து வருடம் வீட்டில் இருந்த பெண்ணுக்கு இந்த முறையில் ஐந்து வருட அனுபவம் இனாமாகக் கிடைக்கும். அனுபவ வித்தியாசம் உள்ளதை விடச் சிறிதாகத் தெரியும், விளக்கப்பட்ட பகுதி குறையும், விளக்கப்படாதது ஊதும். யாழ்ப்பாணத்துக்கு இதில் தனியாக ஒரு கணக்கும் உண்டு. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது பள்ளியில் இருந்தவர்கள் இன்று நடுவயதில் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் படிப்பு இடையில் நின்று, பிறகு தொடர்ந்தது. வயதில் படிப்பைக் கழித்து அனுபவம் பார்க்கிற முறை, முகாமிலும் வன்னியிலும் போன வருடங்களையும் வேலை அனுபவமாக எண்ணிவிடும். இது ஆண்களுக்கும் பொருந்தும் என்பதால் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உண்மையான அனுபவத்தைக் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்தது இன்னும் ஆழமானது. சம்பளம் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுந்தான் தரவில் இருக்கும். இலங்கையில் வேலை செய்யும் அல்லது வேலை தேடும் பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், ஆண்கள் பத்துக்கு ஏழு பேர். யாழ்ப்பாணத்தில் உயர்தரம், பட்டம் என்று படித்த பிள்ளைகள் பலர் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் வரை காத்திருப்பார்கள். சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் கடையில் நிற்பதை விட வீட்டில் இருந்து நியமனம் பார்ப்பது மேல் என்று குடும்பமும் சொல்லும். ஆகவே தனியார் துறையில் நாம் காணும் பெண்கள், எல்லாப் பெண்களிலும் எழுந்தமானமாக எடுத்த மாதிரி அல்ல. வீட்டில் பணக் கஷ்டம் கூடியவர்கள், குறைந்த சம்பளத்துக்கும் ஒத்துக்கொள்கிறவர்கள் அதில் கூட இருப்பார்கள். நல்ல சம்பளம் கேட்கக்கூடியவர்கள் தரவுக்கு வெளியே நிற்பார்கள். அப்படியானால் 9.10 என்ற வெட்டுத்துண்டின் தாழ்வில் ஒரு பங்கு முதலாளியால் வந்தது அல்ல, யார் வேலைக்கு வந்தார்கள் என்பதால் வந்தது.

இதைத் திருத்த 1979 இல் ஜேம்ஸ் ஹெக்மன் எழுதிய முறை உண்டு. வேலைக்கு வரும் வாய்ப்பை முதலில் ஒரு சமன்பாட்டில் மதிப்பிட்டு, அதிலிருந்து வருகிற ஒரு திருத்த உறுப்பைச் சம்பளச் சமன்பாட்டில் சேர்ப்பது. அது சரியாக வேலை செய்ய, வேலைக்கு வருவதைப் பாதிக்கிற ஆனால் சம்பளத்தைப் பாதிக்காத ஒரு மாறி வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பலர் போடுவார்கள். பிள்ளை இருப்பதால் கிட்டத்தில் உள்ள குறைந்த சம்பள வேலையை ஒரு தாய் எடுத்தால் அந்த நிபந்தனை உடனே உடைந்துவிடும். இந்த மாறியை நான் முழுதாக நம்புவதில்லை. திருத்தியதையும் திருத்தாததையும் சேர்த்துக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

அரசாங்கத் துறையைத் தனியாக வைக்க வேண்டியதும் இதனால்தான். அங்கே சம்பளம் சுற்றறிக்கையில் அச்சிட்ட அளவுத்திட்டப்படி வருகிறது, ஆசிரியருக்கு ஆண் விலை பெண் விலை என்று இல்லை. படித்த பெண்கள் அங்கே அதிகம். இரு துறைகளையும் கலந்து ஒரே கணக்காகப் போட்டால், பாடசாலைகளிலும் கச்சேரியிலும் உள்ள பெண்களின் சம்பளம் சராசரியைத் தூக்கி, கடைகளில் உள்ள இடைவெளியை மறைத்துவிடும்.

கடைசியில் எண்ணிக்கைப் பிரச்சினை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீடு ஒரு வருடத்தில் நாடு முழுக்கச் சுமார் 25,000 வீடுகளுக்குப் போகிறது. 25 மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்குச் சராசரி ஆயிரம் வீடு. அதில் யாழ். மாவட்டத்தில் தனியார் துறையில் மாதச் சம்பளம் வாங்கும் பெண்கள் என்று வடிகட்டினால் கையில் மிஞ்சுவது சொற்பம். பல வருடங்களைச் சேர்த்தால்தான் கணக்கு நிற்கும், சேர்க்கும்போது விலைவாசி ஏற்றத்துக்காக வருட மாறிகளையும் போட வேண்டும். 2022 இன் பணவீக்கத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சம்பளங்களைத் திருத்தாமல் கலந்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மாதிரி மாறினால் எண் எவ்வளவு ஆடும் என்று காட்டுவது திட்ட வழு. நம் உதாரணத்தில் அது 0.04 என்று வந்தால், −0.03 என்ற விளக்கப்பட்ட பகுதியைச் சுழியத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பெண்களின் தகுதி ஆண்களை விடக் கூட என்று தலைப்புப் போட அந்த எண் போதாது, குறைவு என்று சொல்லவும் அதில் ஆதாரம் இல்லை. 0.30 என்ற மற்றப் பகுதி அதே திட்ட வழுவோடும் சுழியத்திலிருந்து வெகுதூரத்தில் நிற்கும்.